பட்ஸ் கட்டாச்சு, கால் கட்டாகல: ஒரு படைப்பு வீட்டு கேஸ்

காரைக்குடில சின்னதா ஒரு மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். டிஸ்ப்ளே உடைஞ்சது, சார்ஜிங் போர்ட்ல தூசி, பேட்டரி உப்பிப் போனதுன்னு தெனம் வர்றது வந்துக்கிட்டே இருக்கும், அதுல எழுதுறதுக்கு ஒன்னும் இல்ல. போன மாசம் ஒரு ஆச்சி வந்து தன்னோட போனை கவுண்டர் மேல வச்சுட்டு கேட்ட கேள்விதான் வேற மாதிரி இருந்துச்சு.

"தம்பி, இதுல யாராச்சும் கைய வச்சு ஸ்பீக்கர அமுக்குனாகளான்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

அதாவது ரிப்பேர் இல்ல, விசாரணை. வீட்டுல 14 வயசுப் பய ஒருத்தன் மேல பழி விழுந்து கெடக்கு, கொழுந்தனார் மகன், அவன்தான் வேணும்னே ஸ்பீக்கர போட்டு விட்டான்னு ஆச்சி சொல்றாக, அவன் போனத் தொடவே இல்லன்னு அழுகுறான், ரெண்டு குடும்பமும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்கு. ஆச்சிகிட்ட கேட்டுட்டுத்தான் இத எழுதுறேன், ஆனா ஊர் பேரு வீட்டு அடையாளம் எதுவும் சொல்லல, ரகசியம் வெளிய போன கதைய எழுதுற சாக்குல நான் இன்னொரு தடவ அத வெளிய விட்றக் கூடாது இல்லையா.

நடந்தது இதுதான். அன்னைக்கு வீட்டுல படைப்பு, முன்னோருக்குப் படையல் போட்டுக் கும்புடுற நாள், பங்காளிக எல்லாரும் வந்திருக்காக, சென்னைலருந்து கோயம்புத்தூர்லருந்து எல்லாம். வளவுல, அதாவது நடு முத்தத்தச் சுத்தியிருக்கற தாழ்வாரத்துல, பாய விரிச்சு பெரியவுகள்லாம் உக்காந்து பேசிக்கிட்டு இருக்காக. ஆச்சி மகன் சிங்கப்பூர்ல. அவரு வாட்ஸ்ஆப்ல வீடியோ கால் போட்டிருக்காரு, பேத்தி மூஞ்சியக் காட்டி எல்லாரும் கொஞ்சி முடிச்சாச்சு. அப்பறம் மகன் "ஆத்தா, ஒரு விஷயம் பேசணும், அந்தப் பக்கம் போ"ன்னு சொல்ல, ரெண்டு பேரும் கேமராவ அணைச்சுட்டாக, ஆச்சி பட்ஸ காதுல மாட்டிக்கிட்டாக. போன் சார்ஜ் 8 பெர்சென்ட்ல நிக்கிது. அந்தக் காலத்து வீடு, பிளக் பாயிண்ட்டுன்னா வளவுல தூணு ஓரமா ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். போன அங்க சொருகி வச்சுட்டு, காதுல பட்ஸோட அடுப்படிக்குப் போயிட்டாக. அங்க போய் பணியார மாவுல கைய விட்டாச்சு, இனிமே கையால எதையும் தொட முடியாது, காதுதான் போன்.

மகன் பேசுன விஷயம் வீட்டுப் பங்கு. பொதுவீடு, நாலு பங்கு. இவுக பங்குல வர்ற அறைக்கு ஒரு ரெட்டக்கதவு நெல இருக்கு, பர்மா தேக்கு, மேல லட்சுமி செதுக்குனது. பழைய சாமான் வாங்குற ஒருத்தர் அத மட்டும் தனியா கழட்டிக்கிறேன்னு வெல சொல்லியிருக்காரு. "சித்தப்பாகிட்ட இப்ப வாயே தொறக்காத, முடிஞ்சப்பறம் சொல்லிக்கலாம்"னு மகன் சொல்லிக்கிட்டு இருக்கையில ஆச்சி காதுல சத்தம் கரகரன்னு வெட்டுச்சு, அப்பறம் நின்னே போச்சு. இவுக சிக்னல் போலன்னு ரெண்டு தடவ "அலோ அலோ"ன்னு சொல்லிட்டு மாவப் பாத்துக்கிட்டு இருந்திருக்காக.

அந்தப் பக்கம் மகனுக்கு ஆத்தாகிட்டருந்து ஒரு சத்தமும் வரல. நாமளா இருந்தா என்ன செய்வோம், அதையேதான் அவரும் செஞ்சாரு. "கேக்குதா ஆத்தா? திருப்பிச் சொல்றேன்"னு ஆரம்பிச்சு, வெலயையும் சித்தப்பா பேரையும் இன்னும் தெளிவா, இன்னும் சத்தமா, மொதல்லருந்து சொல்லியிருக்காரு. அது மொத்தமும் வளவுல, அந்தச் சித்தப்பா உக்காந்திருந்த பாய்க்கு ஆறடி தள்ளி, போன் ஸ்பீக்கர்ல ஒலிச்சிருக்கு. யாருக்கும் கட் பண்ணக் கை வரல. ஒரு பெரியவர் மட்டும் கூச்சப்பட்டுக்கிட்டு போனோட சைடு பட்டன அமுக்குனாராம், ஸ்கிரீன் அணைஞ்சுச்சு, குரல் அணையல. சைடு பட்டன் வெளிச்சத்தத்தான் நிறுத்தும், அங்க பேச்சு நிக்காது.

கொஞ்ச நேரத்துல ஆச்சிக்கு முத்தம் வழியா மகன் குரல் கேட்டிருக்கு. காதுல இல்ல, தூரத்துல. மாவுக் கையோட ஓடி வர்றாக, ரெண்டாங்கட்டு வாசலத் தாண்டுறப்ப காதுல டிங்குன்னு ஒரு சத்தம், மகன் குரல் திரும்பக் காதுக்குள்ள, வளவுல சட்டுன்னு நிசப்தம். அங்க போன் பக்கத்துல நிக்கிறது அந்தப் பய. ஆச்சி கண்ணுல பட்ட காட்சி என்னன்னா, தான் வர்றதப் பாத்ததும் பய ஸ்பீக்கர அணைச்சுட்டு ஒன்னும் தெரியாத மாதிரி நிக்கிறான். நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்.

மொதல்ல ஒன்னு சொல்லிட்டேன். ஸ்பீக்கர் பட்டன விரல் தொட்டுச்சா, போன் தானா மாத்துச்சான்னு கடைல வச்சு பாத்துச் சொல்ற மாதிரி எந்தப் பதிவும் போன்ல எனக்குக் கெடைக்காது. ஆனா வாட்ஸ்ஆப் கால் பட்டியல் இருக்குல்ல, அதத் தொறந்தேன். அந்த நாள், அந்த நேரம், 31 நிமிஷம், பக்கத்துல வீடியோ கேமரா படம். ஆச்சி "இல்ல தம்பி, அது வெறும் பேச்சுதான், கேமராவ அணைச்சுட்டோமே"ங்கிறாக. இந்த ஒரு எடத்துலதான் கேஸே இருக்கு, அதனால இத நிதானமா சொல்றேன்.

பாட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கப்ப பட்ஸ் கட்டானா என்ன ஆகும்? பாட்டு நின்னுடும். பஸ்ல உக்காந்து கேக்குறப்ப பட்ஸ் பேட்டரி போனா ஊருக்கே பாட்டு கேக்குறதில்ல. ஆண்ட்ராய்டுல இதுக்குன்னு ஒரு அறிவிப்பே இருக்கு, `ACTION_AUDIO_BECOMING_NOISY`ன்னு பேரு, "இனி சத்தம் வெளிய வரப் போகுது"ன்னு போன் ஆப்புகளுக்குச் சொல்லும், ஒழுங்கா எழுதுன பாட்டு ஆப் அதக் கேட்டதும் நிறுத்திக்கும். நமக்கு இது வருஷக் கணக்கா பழகிப் போச்சு, அதனால பட்ஸ் கட்டானா போன் வாய மூடிக்கும்னு மனசுல பதிஞ்சு கெடக்கு.

கால் அப்படி இல்ல. பாட்ட நிறுத்தி வச்சுட்டு அப்பறம் கேக்கலாம், எதிர்ல பேசிக்கிட்டு இருக்கற ஆள நிறுத்தி வைக்க முடியாது. பட்ஸ் பேட்டரி போனதுக்காக முக்கியமான கால கட் பண்ணா அதுக்கும் திட்டுவோம். அதனால காலுக்கு விதி வேற: ஒரு வழி அடைச்சா அடுத்த வழிக்கு மாத்து, பேச்சு நிக்கக் கூடாது. அந்த அடுத்த வழி எதுங்கிறதுதான் கேள்வி. சாதா கால்னா அடுத்த வழி காதுகிட்ட வச்சுப் பேசுற மேல் ஸ்பீக்கர், அது தூணோரம் கெடந்தா கொசு மாதிரி முனகும், பக்கத்துல போய்க் குனிஞ்சாத்தான் வார்த்த புரியும். வீடியோ கால்னா மூஞ்சிக்கு முன்னாடி போனப் பிடிச்சுக்கிட்டுத்தான பேசுவோம், காதுல வைக்க மாட்டோம், அதனால அங்க அடுத்த வழி பெரிய ஸ்பீக்கர். இதுல தப்பு ஒன்னும் இல்ல, ஞாயமான ஏற்பாடுதான். ஆனா இது ரெண்டையும் பிரிக்கிறது கால் எந்த வகைங்கிறதுதான். போன் பக்கத்துல யாரு உக்காந்திருக்காகன்னு போனுக்கு எப்படித் தெரியும்.

கேமராவ அணைச்சா அது சாதா காலா மாறிடும்னு ஆச்சி நெனச்சதுலதான் வழுக்கிடுச்சு. ஆச்சி போன்ல படம் மட்டும் போகுது, சத்தம் போற வழி வீடியோ காலுக்கு உள்ளதாவே நிக்கிது.

இத வாய்ச் சொல்லா சொன்னா பத்தாதுன்னு கடைலயே ஆச்சி போன வச்சு செஞ்சு காட்டுனேன். என் கடப் பையன் வெளிய நின்னு கால் போட்டான், நான் பட்ஸ மாட்டிக்கிட்டு, பேச்சு நடுவுல பட்ஸ கேஸ்குள்ள போட்டு மூடுனேன். சிம் கால்: மேல் ஸ்பீக்கருக்குப் போச்சு, கவுண்டர்ல கெடந்த போன்லருந்து ஆச்சிக்கு ஒன்னும் கேக்கல. வாட்ஸ்ஆப் வாய்ஸ் கால்: அதே மாதிரி. வாட்ஸ்ஆப் வீடியோ கால், ரெண்டு பக்கமும் கேமரா அணைச்சு: "அண்ணே அண்ணே கேக்குதா"ன்னு பையன் குரல் கடை முழுக்க அடிச்சுது, டீ குடிச்சுக்கிட்டு இருந்த ஆள் திரும்பிப் பாத்தாரு. மறுபடி பட்ஸ கேஸ்லருந்து எடுத்துக் காதுல மாட்டுனதும் டிங், ஸ்பீக்கர் அமைதி. ஆச்சிக்கு மூஞ்சி மாறிடுச்சு. போகும்போது யாரும் தொடல, வரும்போதும் யாரும் தொடல.

இன்னொன்னும் பாத்தேன். சாதா கால்லயே மொதல்ல ஸ்பீக்கர் போட்டுப் பேசிட்டு, நடுவுல பட்ஸ் மாட்டி, அப்பறம் பட்ஸ் கட்டானா? ஆச்சி போன் மேல் ஸ்பீக்கருக்குப் போச்சு, என் பழைய போன்ல பண்ணா "முன்னாடி ஸ்பீக்கர்லதான இருந்த"ன்னு ஞாபகம் வச்சு ஸ்பீக்கருக்கே திரும்புச்சு. அதனால சாதா கால்னா பயமில்லன்னு யாருக்கும் அடிச்சுச் சொல்ல மாட்டேன், அவுகவுக போன்ல ஒரு தடவ செஞ்சு பாக்கணும்.

அப்பறம் சத்தம். "எம் போன்ல சத்தம் கம்மியாத்தான தம்பி வச்சிருந்தேன்"னு ஆச்சி கேட்டாக. அவுக கம்மியா வச்சது பட்ஸுல. ஒவ்வொரு வழிக்கும் சத்த அளவ போன் தனித்தனியா ஞாபகம் வச்சுக்கும், பட்ஸுக்கு ஒன்னு, மேல் ஸ்பீக்கருக்கு ஒன்னு, பெரிய ஸ்பீக்கருக்கு ஒன்னு. பெரிய ஸ்பீக்கருக்குக் கடைசியா வச்ச அளவு எதுன்னு யோசிச்சா, பேத்தி பேசுனத பங்காளிக எல்லாரும் கேக்கணும்னு கால் மணி நேரத்துக்கு முன்னாடி ஃபுல்லா ஏத்தி வச்சது.

இனி பட்ஸ் ஏன் கட்டாச்சுங்கிறது. கட்டாகுறதுல மூனு ஜாதி இருக்கு, காதுல கேட்டத வச்சே ஓரளவு பிரிச்சிடலாம். பேட்டரி தீந்தா முன்கூட்டியே ஒரு பீப்போ "பேட்டரி லோ"ன்னு குரலோ வரும், அப்பறம் பட்ஸே செத்துப் போகும், திரும்ப வராது. வேற ஏதாச்சும், லேப்டாப்போ டிவியோ, பட்ஸ இழுத்துக்கிட்டா சத்தம் சுத்தமா வெட்டுன மாதிரி நிக்கும், கரகரப்பு இருக்காது. தூரம், செவுருன்னா மொதல்ல வார்த்த வார்த்தையா தின்னும், ரோபோ பேசுற மாதிரி இழுக்கும், அப்பறம் நிக்கும், கிட்ட வந்தா தானா ஒட்டிக்கும். ஆச்சி சொன்னது கரகரப்பு, நிசப்தம், திரும்ப டிங். அப்ப மூனாவதுதான்.

ஆனா ஆச்சி விடல. "தெனம் அடுப்படிக்குப் போன் இல்லாமத்தான் போறேன், வாசப்படில நின்னு பேசுறேன், ஒரு நாளும் கட்டானதில்ல, அன்னைக்கு மட்டும் எப்படி?" ஞாயமான கேள்வி. அதுக்குத்தான் ஒரு நாள் சாயந்தரம் அந்த வீட்டுக்கே போனேன், வைஃபை பாக்க வந்தேன்னு ஒரு பேரு.

நம்ம பக்கத்து வீடு எப்படி இருக்கும்னு தெரியும். முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, மூனாங்கட்டு, பின்வாசல் அடுத்த தெருவுல. வாசல் எல்லாம் ஒரே நேருக்கு இருக்கும், முன்வாசல்ல நின்னா பின்வாசல் வெளிச்சம் தெரியும். போன தூணோரம் வச்சுட்டு, பட்ஸோட அந்த வாசல் நேர்லயே நடந்தேன். 20 எட்டு தாண்டியும் பேச்சு சுத்தமா கேட்டுச்சு. ப்ளூடூத் 10 மீட்டர்னு அட்டைல போட்டிருப்பான், அது ஒரு கணக்குக்குத்தான், நடுவுல மறைப்பு இல்லாட்டி அதுக்கு மேலயும் இழுக்கும், மறைப்பு இருந்தா பாதிலயே போயிடும். திரும்ப வந்து இந்தத் தடவ 14வது எட்டுல பக்கவாட்டுல அடுப்படிக்குள்ள திரும்புனேன். ரெண்டே எட்டு. கரகர. செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும் வச்சுக் கட்டுன கனத்த செவுரு, செவுரோரம் அண்டாவும் குண்டாவும் அடுக்கி வச்சிருக்கு, பித்தளையும் வெண்கலமும், போதாததுக்கு படைப்புக்காக அன்னைக்கு ரெண்டு அண்டாவுல தண்ணி வேற நெறச்சு வச்சிருந்தாகளாம். ப்ளூடூத் ஓடுறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல, அந்த அலைய உலோகம் திருப்பி அடிக்கும், தண்ணி குடிச்சிரும். மனுச உடம்பும் பாதிக்கு மேல தண்ணிதானே, வளவுல இருபது பேரு உக்காந்திருந்ததையும் சேத்துக்கங்க.

ஆச்சி தெனம் நிக்கிறது வாசப்படில, அதாவது நேர்கோட்டுல. அன்னைக்கு மாவு பெசைய உள்ள மூலைக்குப் போயிட்டாக. வித்தியாசம் அவ்ளோதான்.

அங்க நின்னு ஒன்னக் கவனிச்சேன், எனக்கே இது புதுசு. கரகரப்பு நின்னதுக்கும், வளவுல ஸ்பீக்கர் பேச ஆரம்பிச்சதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு. மனசுக்குள்ள எண்ணுனேன், ஆறு வரைக்கும் வந்துச்சு. சத்தம் போன உடனே போன் கைவிட்றதில்ல, திரும்ப வருமான்னு கொஞ்ச நேரம் காத்திருந்து பாத்துட்டுத்தான் இணைப்பு போச்சுன்னு முடிவு பண்ணும். ப்ளூடூத் ஸ்பெக்ல அதுக்கு வச்சிருக்கற அளவு 20 செகண்ட், அத மாத்திக்கலாம், இந்த ஜோடில ஏறக்குறைய 6 ஆகுது. இந்த ஆறு செகண்டுதான் மோசம். அந்த நேரத்துல ரெண்டு பக்கமும் "சிக்னல் போச்சு"ன்னு நம்பிடுறாக. ஆச்சி மாவுக்குத் திரும்பிட்டாக, மகன் சத்தத்த ஏத்திட்டாரு. ஸ்பீக்கர் தொறக்குறப்ப அவரு குரல் உச்சத்துல இருக்கு, கேக்க வேண்டியவுக காதுல ஒன்னுமே இல்ல.

அதோட கசிவு ஒரு பக்கம் மட்டும் இல்ல. ஸ்பீக்கருக்கு மாறுனதும் மைக்கும் போனோட மைக்கா மாறிடும். ஆச்சி "அலோ அலோ"ன்னது மகனுக்குப் போகல, ஏன்னா அது செத்துப் போன பட்ஸ் மைக்ல சொன்னது. வளவுல யாராச்சும் ஏதாச்சும் சொல்லியிருந்தா அது அப்படியே சிங்கப்பூருக்குப் போயிருக்கும். நல்லவேள, அன்னைக்கு வளவுல ஒருத்தரும் மூச்சு விடல.

ஆச்சியே சொன்னாக, எல்லாரையும் வச்சுக்கிட்டு ஒரு தடவ செஞ்சு காட்டு தம்பின்னு. கொழுந்தனாரு குடும்பமும் வந்தாக. பயல திண்ணைல உக்கார வச்சோம், போன் தூணோரம், ஸ்கிரீன் மேல பாக்க, அதுக்கு முன்னாடி கொழுந்தனாரே சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு, கையக் கட்டிக்கிட்டு. கடப் பையன தெருவுல நிறுத்தி வீடியோ கால் போடச் சொல்லி, ரெண்டு கேமராவும் அணைச்சு, பேப்பர்ல தங்க வெலய வாசிக்கச் சொல்லியிருந்தேன். ஆச்சி பட்ஸோட அடுப்படி மூலைக்குப் போனாக. கொஞ்ச நேரம் ஒன்னும் இல்ல. அப்பறம் தூணோரத்துலருந்து "கிராமுக்கு"ன்னு ஒரு குரல், அத்தன பேருக்கும் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஆச்சிய வெளிய வரச் சொன்னேன், ரெண்டாங்கட்டு வாசல்ல கால வச்சாக, தங்க வெல பாதில அடங்கிப் போச்சு.

கொழுந்தனாரு போனையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்துட்டு, "அப்ப பய தொடல"ன்னாரு. ஆச்சி திண்ணைப் பக்கம் பாத்து "சரிடா, உள்ள வா"ன்னாக. அதுக்கு மேல யாரும் ஒன்னும் சொல்லல. நெலயப் பத்தி நான் இருக்கறப்ப யாரும் பேசல, நான் டீயக் குடிச்சுட்டுக் கெளம்பிட்டேன்.

ஆச்சிக்கு என்ன செஞ்சு குடுத்தேன்னு கேட்டா, போன்ல மாத்துறதுக்குப் பெருசா ஒன்னும் இல்ல. "பட்ஸ் கட்டானா கால மியூட் பண்ணு"ன்னு ஒரு செட்டிங் இருந்திருந்தா மொத வேலையா அதப் போட்டிருப்பேன், அந்தப் போன்ல அப்படி ஒன்னு இல்ல. ஐபோன் வச்சிருக்கவுகளுக்கு Settings > Accessibility > Touch > Call Audio Routing-னு ஒன்னு இருக்கு, ஆனா அது கால் மொதல்ல எங்க போகணும்னு சொல்றது, பட்ஸ் கட்டானா என்ன செய்யணும்னு இல்ல. அதுல தெரியாம Speaker-னு விழுந்து கெடந்தா மட்டும் Automatic-க்கு மாத்திக்கணும்.

அதனால பழக்கந்தான். வீடியோல பேத்தியப் பாத்து முடிச்சதும் கேமராவ அணைக்காம, காலையே கட் பண்ணிட்டு வாய்ஸ் காலா திருப்பிப் போடச் சொல்லியிருக்கேன், கட்டானாலும் கொசு மொனகலோட போயிடும். ரெண்டாவது, கட் பண்ண முடியலன்னா கால் ஓடிக்கிட்டு இருக்கப்பவே ஒரு தடவ ஸ்பீக்கருக்கு மாத்தி, வால்யூம் பட்டனக் கீழ வரைக்கும் எறக்கிட்டு, திரும்ப பட்ஸுக்கு மாத்திக்கலாம், அந்த அளவ ஸ்பீக்கருக்குன்னு போன் ஞாபகம் வச்சுக்கும். ஆனா ஆண்ட்ராய்டுல கால் சத்தம் பட்டன்ல பூஜ்யத்துக்கு எறங்காது, கடைசில ஒரு கோடு நிக்கும். அமைதியான வளவுல அந்த ஒரு கோடும் கேக்கும், செஞ்சு பாத்துட்டேன். மூனாவது, காதுல கரகரன்னு ஆரம்பிச்சதும் "சிக்னல்"னு நெனைக்காம நடந்து வந்த பக்கமே திரும்பணும், ஆறு செகண்டுல வாசல் நேருக்கு வந்துட்டா போன் ஸ்பீக்கருக்குப் போகவே போகாது.

இதெல்லாம் சொல்லிட்டு நான் ஒரு துணிப்பை குடுத்தேன், கழுத்துல மாட்டுற மாதிரி, போன் உள்ள போற அளவுக்கு, சின்ன பவர்பேங்க்கும் சேத்து வைக்கலாம். ஆச்சி அத ஒரு மாதிரி பாத்தாக, ஆனா வாங்கிக்கிட்டாக.

போன வாரம் கடைக்கு டெம்பர்டு கிளாஸ் போட வந்தப்ப மகன்கிட்டருந்து கால் வந்துச்சு, வாய்ஸ் கால். எடுத்ததும் அவரு கேட்ட மொதக் கேள்வி எனக்கே கேட்டுச்சு, பட்ஸ் இல்லாம ஆச்சி நேராக் காதுல வச்சிருந்தாக.

"ஆத்தா, போன் எங்க இருக்கு?"

"எங் கையிலதான்டா."

"பக்கத்துல யாரு?"

ஆச்சி என்னயப் பாத்தாக. "மொபைல் கடத் தம்பி"ன்னாக. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்னும் கேக்கல.